நிகழ்ச்சி நிரலை மடிப்பு அழைப்பிதழாக மாற்றுவது: எந்தப் பக்கம் எங்கே வர வேண்டும்?

கேள்வி: அண்ணா, குடியாத்தத்துல அக்கா கல்யாணம். அப்பா எழுதிக் கொடுத்த நிகழ்ச்சி நிரலை வேர்டுல நாலு பக்கமா அடிச்சு வச்சிருக்கேன். ஏ4 தாளை நடுவுல மடிச்சு, ரெண்டு பக்கமும் பிரிண்ட் போட்டு கார்டா எடுக்கணும். ஆனா பிரிண்ட் எடுத்தா பக்கம் மாறி மாறி வருது, உள்பக்கம் தலைகீழா நிக்குது, எழுத்தும் பொடிப்பொடியா ஆயிடுது. எந்தப் பக்கத்தை எங்க வைக்கணும்?

பதில்:

கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு ஒரு வெற்று ஏ4 தாளை எடுங்கள். படுக்கை வாட்டில் வைத்து, வலது பாதியை இடது பாதியின் பின்னால் போகும்படி மடிக்காமல், இடது பாதியைப் பின்னால் தள்ளி மடியுங்கள். இப்போது மடிப்பு உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும், கார்டு புத்தகம் போலத் திறக்கும். முகப்பில் பென்சிலால் 1 என்று எழுதுங்கள். திறந்தால் இடது பக்கம் 2, வலது பக்கம் 3. மூடித் திருப்பினால் முதுகில் 4. ஒவ்வொரு எண்ணுக்கு மேலும் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போடுங்கள். பிறகு தாளை முழுதாக விரித்துப் பாருங்கள்.

```
வெளிப்புறம்   [ 4 | 1 ]
உட்புறம்      [ 2 | 3 ]
```

வெளிப்புறத்தில் நாலாம் பக்கம் இடது கையிலும் முகப்பு வலது கையிலும் வந்திருக்கும். குழப்பமெல்லாம் இந்த இடத்தில்தான். முதல் பக்கம்தானே என்று முகப்பை இடது பாதியில் போட்டுவிடுகிறோம். அப்படி அச்சடித்துப் புத்தகம் போல மடித்தால் பிள்ளையார் முதுகுப்பக்கம் போய்விடுவார், கார்டை எடுத்தவுடன் கண்ணில் படுவது உறவினர் பெயர்ப் பட்டியலாக இருக்கும். ஒரே வரிசையில் கிடக்கும் இரண்டு எண்களைக் கூட்டிப் பாருங்கள்: நாலும் ஒன்றும் 5, இரண்டும் மூன்றும் 5. கூட்டல் 5 வராவிட்டால் பக்கம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பென்சில் தாளைக் கல்யாணம் முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள். அச்சகத்துக்குப் போகும்போதும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது தலைகீழ் விவகாரம். தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்கும்போது பிரிண்டர் தாளைப் புரட்டுகிறது. நீள ஓரத்தைப் பிடித்துப் புரட்டுவது ஒரு வகை, குட்டை ஓரத்தைப் பிடித்துப் புரட்டுவது இன்னொரு வகை. சாதாரணக் கடிதம், ரெஸ்யூம் எல்லாம் நெட்டு வாட்டில் இருப்பதால் நீள ஓரத்தில் புரட்டுவதே பெரும்பாலான பிரிண்டர்களில் முன்கூட்டியே வைத்திருக்கும் அமைப்பு. உங்கள் கார்டு படுக்கை வாட்டில் இருக்கிறது. அதை நீள ஓரத்தில் புரட்டினால் உட்புறம் தலைகீழாகத்தான் நிற்கும். பிரிண்ட் பெட்டியில் "Flip on short edge" என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நினைவில் வைக்க ஒரு வழி சொல்கிறேன்: மடிப்புக் கோடு தாளின் எந்த ஓரத்துக்கு இணையாக ஓடுகிறதோ, அந்த ஓரத்தில்தான் புரட்ட வேண்டும். ஏ4-ஐப் பாதியாக மடித்தால் மடிப்பு குட்டை ஓரத்துக்கு இணை. அதே தாளை நீளவாட்டில் மடித்து ஒல்லியான கார்டு செய்தால் மடிப்பு நீள ஓரத்துக்கு இணை, அப்போது "Flip on long edge" சரி.

எழுத்து பொடிந்து போவதற்குக் காரணம் வேறு. நீங்கள் வேர்டில் முழு ஏ4 பக்கமாக நாலு பக்கம் அடித்திருப்பீர்கள். அதை அரை ஏ4-க்குள் அடக்கும்போது எல்லாமே சுமார் 71 சதவீதமாகச் சுருங்கும். 12 பாயின்டில் அடித்த எழுத்து எட்டரை பாயின்டாகிவிடும். வயசானவர்கள் கையில் அந்தக் கார்டைக் கொடுத்தால் கண்ணாடியைத் தேடுவார்கள். அதனால் முதலிலிருந்தே பக்க அளவைப் பாதியாக வைத்து அடிக்க வேண்டும். வேர்டில் Layout, Margins, Custom Margins என்று போய், Multiple pages என்ற இடத்தில் "Book fold" தேர்ந்தெடுங்கள். Paper பகுதியில் ஏ4 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஒவ்வொரு பக்கமும் 148.5 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரமாகத் திரையில் தெரியும். 1, 2, 3, 4 என்று வரிசையாகவே அடித்துக்கொண்டு போங்கள். அச்சடிக்கும்போது 4-1, 2-3 என்று இடம் மாற்றுவதை வேர்டே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அந்த வசதியிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. வேர்டிலிருந்தோ அடோப் ரீடரின் "Booklet" தேர்விலிருந்தோ பிரிண்ட் வழியாக எடுத்த பிடிஎஃப்பில் பக்கங்கள் ஏற்கனவே இடம் மாற்றி அடுக்கப்பட்டிருக்கும். அதை அச்சகத்துக்கு அனுப்பினால் அங்கிருப்பவர் தன் பங்குக்கு மறுபடியும் புக்லெட் போடுவார். இரண்டு தரம் மாற்றினால் என்ன வரும்? எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு நானே இப்படி மாட்டினேன். கடையின் பெயர் வேண்டாம், தப்பில் பாதி என்னுடையது. முந்நூறு கார்டு அச்சாகி, கட்டுக்கட்டாக ஆட்டோவில் வீட்டுக்கே வந்துவிட்டது. பிரித்தால் அரைப் பக்கத்துக்குள் இரண்டு குட்டிப் பக்கம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அன்றிலிருந்து அச்சகத்துக்குப் போகும் கோப்பை இரண்டே பக்கமாகத்தான் கொடுக்கிறேன். முதல் பக்கம் முழு வெளிப்புறம், இரண்டாம் பக்கம் முழு உட்புறம், இரண்டும் ஏ4 படுக்கை வாட்டில். கோப்பின் பெயரிலேயே "velipuram-ulpuram-apadiye-print" என்று எழுதிவிடுவேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சரி, இப்போது அப்பா எழுதிக் கொடுத்த தாளுக்கு வருவோம். நம் பக்கத்துக் கல்யாண நிரல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் நாள் மாலை பெண் அழைப்பு, ராத்திரி வரவேற்பு, விடிந்தால் முகூர்த்தம், அப்புறம் விருந்து. கூடவே மண்டபத்தின் முகவரி, இரண்டு வீட்டுப் பெற்றோர் பெயர், கடைசியில் நீளமான சொந்தக்காரர் பட்டியல். இதை அப்படியே மேலிருந்து கீழாக நாலு பக்கத்தில் ஊற்றினால் ஒரு நிகழ்ச்சி பாதியில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போகும். கார்டில் பக்கம் என்பது ஒரு அறை மாதிரி. ஒவ்வொரு அறையிலும் யார் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் அடியுங்கள்.

முகப்பில் பிள்ளையார் சுழி, குலதெய்வத்தின் துணை, படம், "திருமண அழைப்பிதழ்", மணமக்கள் பெயர் இவை போதும். பேரளவு எழுத்து இங்கே மட்டும். கார்டைத் திறக்கும்போது கண் முதலில் விழுவது வலது பக்கத்தில், அதாவது மூன்றாம் பக்கத்தில். அதனால் "அன்புடையீர்" என்று தொடங்கி வருடம், மாதம், திதி, நட்சத்திரம், லக்னம் வரை போகும் முகூர்த்த வாசகம் மூன்றாம் பக்கத்தில் இருக்கட்டும். முதல் நாள் நிகழ்ச்சிகள் இரண்டாம் பக்கத்துக்கு. இடதிலிருந்து வலதுக்குப் படித்தால் முதல் நாள், மறுநாள் என்று காலவரிசையும் தானாக அமைந்துவிடும். சில வீடுகளில் முகூர்த்தத்தை இரண்டில் வைத்து வரவேற்பை மூன்றில் வைக்கிறார்கள். நான் பார்த்த வரை அப்படி வைத்த கார்டுகளில் ஜனங்கள் வரவேற்புத் தேதியையே கல்யாணத் தேதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தேதி என்றதும் ஒன்று. முகூர்த்தம் விடியற்காலை 4.30-லிருந்து 6.00 என்று இருந்தால், பெண் அழைப்பும் வரவேற்பும் ஒரு தேதியில், தாலி கட்டுவது அடுத்த தேதியில். கணக்கு நமக்குத் தெரியும், கார்டைப் படிப்பவருக்குத் தெரியாது. "வெள்ளிக்கிழமை விடியற்காலை 4.30" என்று படித்துவிட்டு வெள்ளி ராத்திரி வந்து நிற்பவர்கள் உண்டு. இரண்டாம் பக்கத்தில் தேதியோடு "வியாழக்கிழமை மாலை" என்றும், மூன்றாம் பக்கத்தில் தேதியோடு "வியாழன் இரவு விடிந்தால் வெள்ளி" என்றும் எழுதிவிடுங்கள். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் தினசரி காலண்டரில் அந்தந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துச் சரிபாருங்கள். போன வருடத்துக் கார்டைக் காப்பி அடித்து மாற்றும்போது இவற்றில் ஒன்று பழையதாகவே தங்கிவிடும், பெரும்பாலும் கிழமைதான்.

நாலாம் பக்கம்தான் எல்லாருக்கும் சண்டை வரும் பக்கம். அங்கே "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியலும், மண்டபத்துக்கு வழியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டியலில் 38 பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு புறமும் 12 மி.மீ. ஓரம் விட்டால் எழுத 186 மி.மீ. உயரம் கிடைக்கும். 10 பாயின்ட் எழுத்தை 14 பாயின்ட் இடைவெளியில் வைத்தால் ஒரு வரி கிட்டத்தட்ட 5 மி.மீ. பிடிக்கும். தமிழுக்கு இந்த இடைவெளி தேவை. மேலே ஈகாரச் சுழியும் கீழே ஊகாரச் சுழியும் இருக்கிறதே, நெருக்கினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் மேல் சுழியும் முட்டிக்கொள்ளும். ஒரே பத்தியாக எழுதினால் 38 வரி பக்கம் முழுவதையும் விழுங்கிவிடும், வழிக்கு இடமே இருக்காது. இரண்டு பத்தியாகப் பிரித்தால் ஆளுக்கு 19 வரி. ஆனால் பத்தி அகலம் 60 மி.மீ.க்கும் குறைவு, "மாமா, அத்தை" என்று தம்பதியாக வரும் பெயர்கள் இரண்டு வரிக்கு உடையும். பத்திக்கு 25 வரி என்று வையுங்கள், 125 மி.மீ. ஆகிறது. மிச்சம் 60 மி.மீ. அதில் "காட்பாடி ஜங்ஷனிலிருந்து", "வேலூர் புதிய பேருந்து நிலையத்திலிருந்து" என்று இரண்டு வரியும், ஒரு சின்ன வரைபடமும் தாராளமாக அடங்கும். பட்டியலில் யார் முதலில் என்பது எனக்குத் தெரிந்த கணக்கில் வராது. தாய்மாமன் பெயர் எங்கே என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு மட்டும் அச்சுக்கு அனுப்புங்கள்.

பட்டியல் அறுபது எழுபது பெயராக வளர்ந்துவிட்டால் ஐந்தாம் பக்கம் சேர்க்கலாமா என்று தோன்றும். மடித்த கார்டில் ஐந்து பக்கம் என்று ஒன்று கிடையாது. உள்ளே இன்னொரு தாளைச் செருகினால் நாலு பக்கம் சேர்ந்து எட்டாகிவிடும். அப்போது வெளித்தாளில் 8-1 ஒரு பக்கம், 2-7 மறுபக்கம். உள்தாளில் 6-3 ஒரு பக்கம், 4-5 மறுபக்கம். இங்கே கூட்டல் 9 வர வேண்டும். மூன்று பக்கம் காலியாகக் கிடக்க வேண்டாம் என்றால் பட்டியலைக் குறைப்பதுதான் வழி. அல்லது பெயர்களைத் தனிச் சீட்டாக அடித்து உள்ளே வைத்துவிடுவது. அந்தச் சீட்டுக்குப் பக்க வரிசைத் தொல்லையே இல்லை.

கார்டு புத்தகம் போல இல்லாமல் காலண்டர் மாதிரி மேலே தூக்கித் திறப்பதாக இருந்தால் கதை கொஞ்சம் மாறும். தாள் நெட்டு வாட்டில், மடிப்பு நடுவில் குறுக்கே. விரித்த வெளிப்புறத்தில் கீழ்ப்பாதி முகப்பு, மேல்பாதி முதுகு, அந்த முதுகை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். திரையில் அது தப்பாகத்தான் தெரியும். மடித்தவுடன் நேராகிவிடும். உட்புறத்தில் மேலே 2, கீழே 3, இரண்டும் நேர். மடிப்பு குட்டை ஓரத்துக்கு இணை என்பதால் இங்கும் "Flip on short edge" தான். இந்த மாதிரி கார்டுக்குப் பென்சில் தாளும் அம்புக்குறியும் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

இனி அச்சகம். நீங்கள் வேர்டில் யூனிகோடில் அடித்திருப்பீர்கள். பழைய டிடிபி கடைகளில் இன்னும் பாமினி மாதிரி எழுத்துருக்களில் வேலை நடக்கிறது. உங்கள் வேர்டு கோப்பை அப்படியே கொடுத்தால், அங்கிருக்கும் பழைய பேஜ்மேக்கரில் ஒட்டும்போது எழுத்துகள் கேள்விக்குறிகளாகவோ வெறும் கட்டங்களாகவோ நிற்கும். திரும்பி வரும் வழியிலும் இதே தொல்லைதான். அவர்கள் பாமினியில் அடித்ததை உங்கள் லேப்டாப்பில் திறந்தால் திருமணம் என்ற இடத்தில் `jpUkzk;` என்று தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, அந்த எழுத்துரு உங்களிடம் இல்லை, அவ்வளவுதான். இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பானது பிடிஎஃப். அவர்கள் கோரல்டிராவில் வேலை செய்தால் எழுத்தை "Convert to Curves" செய்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படிச் செய்த பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது, எழுத்து படமாகிவிடும். அதனால் திருத்தமெல்லாம் முடிந்த பிறகு செய்யட்டும், மாற்றாத பிரதி ஒன்றும் பத்திரமாக இருக்கட்டும்.

கார்டின் பின்னணி நிறம் ஓரம் வரை போகிறது என்றால் நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வண்ணத்தை நீட்டிக் கொடுக்க வேண்டும், அதாவது கோப்பு 303-க்கு 216 மி.மீ. வெட்டும்போது அந்தக் கூடுதல் போய்விடும். கூடுதல் விடாவிட்டால் வெட்டு இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். முன்னும் பின்னும் அச்சாவதில் ஒன்றிரண்டு மி.மீ. நகர்வு சகஜம். ஆகவே ஓரத்தை ஒட்டி மெல்லிய சதுரக் கட்டம் போடாதீர்கள், ஒருபக்கம் பட்டையாகவும் மறுபக்கம் நூலாகவும் தெரியும். மடிப்புக்கோட்டின் மேலும் அடர்ந்த சிவப்போ மரூனோ வேண்டாம். டிஜிட்டல் பிரிண்ட் என்றால் அந்த மை மடிப்பில் வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். 250, 300 ஜிஎஸ்எம் போன்ற தடித்த அட்டையில் மடிப்பதற்கு முன் க்ரீசிங், அதாவது மடிப்புக் கோட்டில் அழுத்திய பள்ளம், போடச் சொல்லுங்கள். கையால் நேரடியாக மடித்தால் கோடு கோணும்.

மாதிரிக் கார்டு ஒன்று வாங்கும்போது மடித்துத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர் விரித்த தாளைக் கையில் கொடுத்து "சரியா இருக்குண்ணே" என்பார். விரித்தால் எதுவும் சரியாகத்தான் தெரியும். மடியுங்கள், முகப்பைப் பாருங்கள், திறங்கள், பின்பக்கம் திருப்புங்கள், பென்சில் தாளோடு ஒப்பிடுங்கள். அப்புறம் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிப்புறத்து மடிப்புக் குறியும் உட்புறத்துக் குறியும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். அட்டை தடிமனாக இருந்து வெளிச்சம் ஊடுருவாவிட்டால் நடுவில் ஊசியால் ஒரு துளை போட்டுப் பாருங்கள். வீட்டுப் பிரிண்டரில் தானாகப் புரட்டும் வசதி இல்லையென்றால், முதல் தாளின் ஒரு மூலையில் பென்சில் குறி போட்டு வெளிப்புறத்தை அடித்து, மறுபடி எந்தப் பக்கம் மேலே வைத்தால் சரியாக வருகிறது என்று ஒரே ஒரு தாளில் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் 1, 2, 3, 4 என்று வரிசையாக இருக்கும் பிடிஎஃப்பை அடோப் ரீடரில் திறந்து, "Booklet" தேர்வில் "Front side only" முடித்துவிட்டு "Back side only" கொடுத்தால் போதும்.

இன்னும் ஒன்று, மஞ்சள். அச்சாகி வந்ததும் பாட்டியோ அத்தையோ உட்கார்ந்து நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவுவார்கள். வழவழவென்று லேமினேஷன் போட்ட கார்டில் மஞ்சள் ஒட்டாது, விரல் பட்டால் உதிரும், அடுத்த கார்டின் முகத்தில் ஒட்டும். லேமினேஷன் இல்லாத அட்டை வாங்குங்கள். மூலைகளில் 15 மி.மீ. வரை எழுத்தும் படமும் வராமல் விட்டுவிடுங்கள். குடியாத்தத்தில் ஒரு வீட்டில் முகப்பின் கீழ் மூலையில் மண்டபத்தின் பெயரைப் பொடி எழுத்தில் வைத்திருந்தார்கள். பத்திரிகை கைக்கு வந்தபோது அந்த இடத்தில் மஞ்சள் மட்டும்தான் இருந்தது.